கடன் நோட்டீஸா, கிரய நோட்டீஸா: ஒரு திண்ணை வாசிப்பின் நிகழ்வு ஆய்வு

எங்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். 2023 செப்டம்பரில் என்னிடம் வந்த ஒரு விஷயத்தைச் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊரும் பெயரும் இல்லை. தொகையும் தேதியும் உள்ளபடியே இருக்கின்றன.

பின்னணி

குடமுருட்டிப் பாசனத்தில் ஒரு கிராமம். அங்கே ஓட்டு வீட்டில் தனியாக இருக்கும் மூதாட்டிக்கு அப்போது 72 வயது. நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே காலம் போனவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ரூபாய் நோட்டை நிறத்தை வைத்துச் சரியாக எண்ணுவார், பஸ்ஸை நேரத்தை வைத்துச் சரியாகப் பிடிப்பார். எழுத்து மட்டும் தெரியாது. கணவர் இறந்தபின் மனைப் பட்டா அவர் பெயருக்கு மாறியிருந்தது. மனை 10 குழி. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழி 144 சதுர அடி. இந்தக் கணக்கு பின்னால் வரும்.

கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அரசுப் பேருந்தில் கண்டக்டர். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர். ஒருநாள் டூட்டி, ஒருநாள் வீடு, நடுவில் நைட் ஹால்ட் என்று போகும் வாழ்க்கை. தெருவில் யாருக்கு பேங்க் கடிதம் வந்தாலும், ரேஷன் கார்டில் திருத்தம் என்றாலும் அவர் வீட்டில் இருக்கும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். மூதாட்டியை அவர் அத்தை என்பார். அவருக்கு இவர் தம்பி.

2021 ஆகஸ்டில் மருமகனின் ஆபரேஷனுக்காக மூதாட்டி பக்கத்து டவுனில் ஒருவரிடம் 1,50,000 ரூபாய் கடன் வாங்கினார். மூணு வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆக மாதம் 4,500. கடன் கொடுத்தவர், "சும்மா ஒரு அக்ரிமென்ட் போட்டுக்கலாம், பணத்தைக் கட்டினதும் கிழிச்சிடலாம்" என்று சொல்லிப் பத்திரப் பதிவுக்கு அழைத்துப் போனார். அங்கே யாரோ எதையோ வேகமாகப் படித்ததாகவும், தன் பெயரும் கணவர் பெயரும் மட்டும் காதில் விழுந்ததாகவும் மூதாட்டிக்கு நினைவு. "பணம் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார்கள். "வாங்கிட்டேன்" என்றார். ரேகை வைத்தார்.

அந்தக் கேள்வியில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். கடன் வாங்கியவரும் அதற்கு ஆமாம் என்பார், வீட்டை விற்க முன்பணம் வாங்கியவரும் ஆமாம் என்பார்.

19 மாதம் வட்டி கொடுத்தார். எல்லாம் ரொக்கம், ரசீது கிடையாது. 2023 மார்ச்சுக்குப் பிறகு முடியவில்லை.

தபால் வந்த நாள்

செப்டம்பர் 14, வியாழக்கிழமை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் வந்தது. எதிர்வீட்டில் இருந்த ஒருவர், "வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு, வாங்காதே, திருப்பி அனுப்பிடு" என்றார். கிராமத்தில் அடிக்கடி கேட்கும் யோசனை இது. முகவரி சரியாக இருந்து, தபாலை வாங்க மறுத்தால், அது சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவதுதான் மிச்சம். மூதாட்டி வாங்கி வைத்தது சட்டம் தெரிந்து அல்ல. தபால்காரரை வெயிலில் நிற்க வைக்க மனம் வரவில்லை என்றார்.

முதல் வாசிப்பு

மறுநாள் மாலை கண்டக்டர் டூட்டி முடித்து வந்தார். பையைக்கூட இறக்கவில்லை, திண்ணையில் உட்கார்ந்து கவரைப் பிரித்தார். நான்கு பக்கம். முதல் வரியே "எனது கட்சிக்காரரின் தகவலின் பேரிலும் அறிவுறுத்தலின் பேரிலும் தங்களுக்கு அனுப்பும் அறிவிப்பு யாதெனில்" என்று தொடங்கியது. அந்த வாக்கியம் முற்றுப்புள்ளி பார்க்க இரண்டாம் பக்கம் வரை போனது. ஒரு பாராவைச் சத்தமாகப் படித்தார், அடுத்ததை மனதுக்குள் ஓட்டினார், கடைசிப் பக்கத்தில் 15 நாள் என்பதைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ஒண்ணுமில்ல அத்தை. பணத்தைக் கட்டச் சொல்லி கடன் நோட்டீஸ் வந்திருக்கு. பதினஞ்சு நாள் டயம்."

மூதாட்டிக்கு அது அதிர்ச்சியாக இல்லை. கடன் உண்மை, பாக்கி உண்மை. "மகன்கிட்ட சொல்றேன் தம்பி" என்று கையை நீட்டித் தாளை வாங்கினார். இதோடு அவர்கள் எழுந்து போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 15 நாளும் பணம் புரட்டுவதில் கழிந்திருக்கும். நோட்டீஸ் கேட்டது பணமே இல்லை.

கண்டக்டர் பொய் சொல்லவில்லை, சோம்பேறித்தனமும் இல்லை. அத்தை கடன் வாங்கியது அவருக்கு முன்பே தெரியும். தெரிந்த கதையை வைத்துத் தாளைப் படித்தார். நோட்டீஸில் "முன்பணம்" என்று வந்த இடமெல்லாம் அவர் மனதில் கடன் என்று விழுந்திருக்கிறது. பாதி தெரிந்தவர் படிக்கும்போதுதான் இந்த வழுக்கல் அதிகம் நடக்கிறது.

இரண்டாம் வாசிப்பு

மூதாட்டி தாளை மடிக்கும்போது கேட்டார்: "வட்டியெல்லாம் கழிச்சிருக்கானா, பாரு." அதைத் தேடத்தான் கண்டக்டர் திரும்பப் பிரித்தார். வட்டி என்ற சொல்லே நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை. அது அவரை உறுத்தியது. முதல் வரியிலிருந்து, இந்த முறை ஒரு சொல்லையும் விடாமல் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"ஷை சொத்தை" என்று வந்த இடத்தில் மூதாட்டி நிறுத்தினார். "சையா? அப்படின்னா?" கண்டக்டருக்கும் தெரியவில்லை. பழைய பத்திர எழுத்தில் "மேற்படி" என்பதற்கு ௸ என்று ஒரு குறி உண்டு. பார்க்க ஷை போல இருப்பதால் டைப் அடிக்கிறவர்கள் ஷை என்றே அடித்துவிடுவார்கள், படிக்கிறவர்களும் அப்படியே படிப்பார்கள். தெரியாத சொல்லைத் தாண்டிப் போகாமல் கண்டக்டர் அதன் கீழே பென்சிலால் கோடு போட்டார். நல்ல காரியம். என்னிடம் வந்தபோது அந்தத் தாளில் பதினோரு கோடுகள் இருந்தன.

கடைசியில் சொத்து விவரம் வந்தது. சர்வே எண், 1,440 சதுர அடி. இந்த எண்களுக்கு மூதாட்டி முகம் மாறவில்லை. அப்புறம் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை: வடக்கே தெரு, தெற்கே வாய்க்கால், மேற்கே பொதுப் பாதை. கிழக்கே என்று ஆரம்பித்தவர் தன் இறந்துபோன அப்பாவின் பெயரைப் படித்தார். படித்துவிட்டு நின்றார்.

"அது நம்ம வீடுல்ல?" என்றார் மூதாட்டி. 1,440-ஐ 144-ஆல் வகுத்தால் 10 குழி. கணக்குப் போட அவசியமே இல்லை. நிலத்தோடு வாழ்ந்தவருக்கு வீடு என்பது சர்வே எண்ணில் இல்லை, எல்லையில் இருக்கிறது. எழுத்து தெரியாதவருக்கு ஆவணம் படிக்கும்போது நான் இப்போது செக்குபந்தியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

திரும்பவும் நடுப்பகுதியைப் படித்தார்கள். இப்போது அது வேறு மாதிரி கேட்டது. மூதாட்டி தன் வீட்டை 4,00,000 ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொண்டு, 3,00,000 முன்பணம் பெற்றுக்கொண்டாராம். மீதி ஒரு லட்சத்தோடு கட்சிக்காரர் எப்போதும் தயாராக இருக்கிறாராம். 15 நாளில் கிரயம் செய்து தராவிட்டால் ஏற்றதை ஆற்றக் கோரி, அதாவது ஒப்புக்கொண்டபடி வீட்டை எழுதித் தரச் சொல்லி, வழக்குப் போடப்படுமாம். "கிரயம்" என்ற சொல் மூதாட்டிக்கு நன்றாகத் தெரியும். கடனுக்கும் கிரயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவர் காதில் அந்தச் சொல் விழவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை

பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைக் கடைசி சீட்டுக்குக் கேட்கும்படி கூவுகிற குரல் அது. திண்ணையில் படித்ததைத் தெருவே கேட்டது. செப்டம்பர் 16 காலை, கண்டக்டர் முதல் டிரிப்புக்குக் கிளம்பிப் போனபின், கடன் கொடுத்தவரின் ஆள் ஒருவர் மூதாட்டி வீட்டுக்கு வந்துவிட்டார். "எதுக்கு வம்பு, சமாதானமாப் போயிடலாம், இதுல ஒரு ரேகை வைங்க" என்று முத்திரைத்தாள் ஒன்றை நீட்டினார். மேலே இரண்டு மூன்று வரிதான் எழுதியிருந்ததாகவும், கீழே வெறுமையாக இருந்ததாகவும் மூதாட்டி சொன்னார்.

"தம்பி வந்து படிச்சுக் காட்டட்டும், வைக்கிறேன்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். வந்த ஆள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். 2021-இல் இதே வாக்கியம் அவரிடம் இல்லை. முந்தின நாள் மாலைதான் கிடைத்தது.

முடிவுகள், காரணங்கள்

கண்டக்டர் அன்று மதியமே எனக்குப் போன் செய்தார். நான் செய்த தவறை இங்கே எழுதிவிடுகிறேன். "பதினஞ்சு நாள் இருக்குல்ல, விநாயகர் சதுர்த்தி லீவு முடிஞ்சு வாங்க" என்றேன். ஆள் வந்து போனதை அவரும் அப்போது அறிந்திருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எந்தத் தாளிலும் ரேகை வைக்காதீர்கள் என்று சொல்லிவைக்க எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த நான்கு நாளும் மூதாட்டி தன் சாமர்த்தியத்தில் தப்பினார்.

20-ஆம் தேதி புதன்கிழமை இருவரும் வந்தார்கள். மூதாட்டி டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாச் சீட்டில் வந்தார். வக்கீலுக்கும் பணம் தர வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவுப்படி பெண்ணாக இருந்தாலே போதும், வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமல் இலவச வக்கீல் கிடைக்கும்.

குழு நியமித்த வக்கீல் முதலில் கேட்டது நோட்டீஸை அல்ல, கவரை. 15 நாள் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து என்று எழுதியிருந்ததால் கவரின் மேல் தபால் முத்திரைத் தேதி முக்கியம். கண்டக்டர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். டிக்கெட் அடிக்கட்டையைக்கூடத் தூக்கிப் போடாத தொழில்.

இரண்டாவது, இது எந்த மாதிரித் தாள் என்று அவர்களுக்கு விளக்கினார். வக்கீல் அனுப்பியது ஒரு தரப்பின் கோரிக்கை மட்டும். வழக்கு எண்ணோ, நீதிமன்ற முத்திரையோ, வாய்தா தேதியோ அதில் இல்லை. அவை இருந்தால் அது சம்மன். சம்மன் என்றால் 30 நாளில் எதிர் உரை தாக்கல் செய்யவேண்டும். நீட்டித்தாலும் பொதுவாக 90 நாள்தான். போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் தராவிட்டால் உடனே எதுவும் நடந்துவிடாது. ஆனால் பின்னால் வழக்கு வந்தால், "இது கடன்தான் என்றால் அன்றைக்கே ஏன் மறுக்கவில்லை?" என்ற கேள்வி வரும். 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் நிரூபணமானால் ஏற்றதை ஆற்றும்படி உத்தரவிடாமல் இருக்க நீதிமன்றத்துக்கு முன்பிருந்த தாராளம் இல்லை. அதனால் பரிதாபத்தை நம்ப முடியாது, முதல் பதிலே தெளிவாக இருக்க வேண்டும் என்று முடிவானது.

மூன்றாவதில்தான் வாக்குவாதம். திருப்பூரிலிருந்து வந்திருந்த மகன், "அது அம்மா ரேகையே இல்லைன்னு சொல்லிடலாம்" என்றார். வக்கீல் ஒரேயடியாக மறுத்தார். பதிவின்போது போட்டோவும் விரல்ரேகையும் எடுத்திருப்பார்கள். அந்த ஒரு பொய் உடைந்தால் கூடவே சொன்ன நிஜமும் போய்விடும். ரேகை என்னுடையது, பணம் வாங்கியதும் நிஜம், ஆனால் விற்பதற்கு அல்ல என்று சொல்வதுதான் இருக்கிற ஒரே நல்ல வாதம்.

கண்டக்டரின் மகள் tnreginet.gov.in தளத்தில் வில்லங்க விவரத்தைப் பார்த்துச் சொன்னாள். 2021 ஆகஸ்டில் ஒரு பதிவு. அடமானம் இல்லை, விற்பனை ஒப்பந்தம். பதிவு எண்ணை வைத்துச் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்தோம்.

பதில் நோட்டீஸும் காலண்டரும்

வட்டி கொடுத்ததற்கு என்ன ஆதாரம் என்று வக்கீல் கேட்டபோது மூதாட்டி, "காலண்டர்ல பொட்டு வச்சிருக்கேன்" என்றார். மாதக் காலண்டரில் வட்டி கொடுத்த தேதியின் மேல் குங்குமப் பொட்டு. முருகன் படத்துக்காக 2022, 2023 காலண்டர்களைக் கிழிக்காமல் வைத்திருந்தார். 2021 காலண்டர் அடுப்புக்குப் போய்விட்டது. 19 மாதத்தில் 15 மாதத்துக்குப் பொட்டு இருந்தது, 67,500 ரூபாய்க்கு. தானே வைத்த பொட்டு நீதிமன்றத்தில் பெரிய சாட்சி ஆகாது என்று வக்கீல் தெளிவாகவே சொன்னார். ஆனாலும் தேதிவாரியாகச் சொல்லும் பதிலுக்கும் "மாசா மாசம் கொடுத்தேன்" என்பதற்கும் எதிர்த்தரப்பு காட்டும் மரியாதை வேறு.

செப்டம்பர் 26 அன்று பதில் பதிவுத் தபாலில் போனது. வாங்கியது ஒன்றரை லட்சம், மூன்று லட்சம் அல்ல. ஆவணம் கடனுக்குப் பிடிமானமாக எழுதப்பட்டது. வீடு இன்றுவரை மூதாட்டி அனுபவத்தில் இருக்கிறது, வீட்டு வரியும் மின் இணைப்பும் அவர் பெயரில். வாங்க வந்தவர் என்று யாரும் ஒருநாளும் வீட்டை வந்து பார்த்ததில்லை. நியாயமான பாக்கியைத் தரத் தயார். சாரம் இவ்வளவுதான். 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தைப் பற்றி ஒரே ஒரு வரி கடைசியில் இருந்தது. அனுப்புமுன் முழுப் பதிலையும் கண்டக்டர் மூதாட்டிக்குப் படித்துக் காட்டினார். இம்முறை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

முடிந்த விதம்

வழக்கு வரவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் பேச வந்தார். வழக்குக்கு முந்தைய மனுவாக எடுத்து, 2024 மார்ச்சில் மக்கள் நீதிமன்றத்தில் முடித்தோம். 15 மாத வட்டியை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்; பொட்டு இல்லாத நான்கு மாத 18,000 ரூபாய் கணக்கில் வரவில்லை. இரண்டு தவணையில் 1,35,000 கொடுப்பது, இரண்டாம் தவணை அன்றே ஒப்பந்தத்தை ரத்துப் பத்திரம் போட்டுப் பதிவது என்று உடன்பாடு. மக்கள் நீதிமன்ற உத்தரவு தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை.

இதை வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றரை லட்சத்துக்கு மொத்தம் 2,20,500 கொடுத்திருக்கிறார். மாடு ஒன்று போனது. மகள் மகளிர் குழுவில் கடன் எடுத்தாள். வழக்குப் போட்டு இழுத்திருந்தால் குறைந்திருக்கலாம், எத்தனை வருடம் என்று தெரியாது. "எனக்கு வாய்தாவுக்கு நடக்கக் காலில்லை" என்று மூதாட்டி முடிவெடுத்தார். முடிவு அவருடையது.

2024 ஜூனில் ரத்துப் பத்திரம். பதிவு அலுவலக வராந்தாவில், ரேகைக்கு முன்னால், கண்டக்டர் வரைவைத் தாழ்ந்த குரலில் படித்தார். செக்குபந்தியில் "கிழக்கே பொதுப் பாதை" என்று வந்ததும் மூதாட்டி அவர் கையைத் தட்டினார். "பாதை மேற்கால இருக்கு. கிழக்கால நீதான் இருக்கே." டைப் அடித்தவர் இரண்டு எல்லையையும் மாற்றிப் போட்டிருந்தார். திருத்தி வேறு தாள் எடுத்தார்கள்.

மாற்றிச் செய்வதென்றால்

எனக்குப் போன் வந்ததும் முதல் கேள்வி "யாராவது ரேகை கேட்டு வந்தார்களா?" என்பதாக இருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் கேட்கிறேன்.

தெருவுக்குக் கேட்கப் படித்தது தவறு. ஆனால் திண்ணையில் படித்ததால்தான் எதிர்வீட்டுப் பெண் மறுநாள் அந்த ஆள் வந்தபோது துணைக்கு வந்து உட்கார்ந்தார் என்பதும் உண்மை. படிப்பதற்கு முன் "உள்ளே போயிடலாமா அத்தை?" என்று கேட்டிருக்கலாம் என்பதோடு விடுகிறேன்.

முதல் வாசிப்பைப் பற்றிக் கண்டக்டரிடம் தனியாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நாலு பக்கத்தையும் படிச்சா அத்தை பயந்துடும்னு நெனச்சேன் சார். ஒண்ணுமில்லன்னு சொல்லணும்னுதான் வாயில வந்துச்சு" என்றார். அப்போது அவருக்கு அடுத்த டிரிப்புக்கு நேரமாகியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.